கடைசிப் பல்லுக்குப் பின்னால் வீங்கும் ஈறு

(தோட்டச் சமூக மண்டபத்தில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



நான் பல் மருத்துவன் அல்லன், தகவல் அதிகாரி. பல் சிகிச்சைக் குழுவினருடன் தோட்டந்தோறும் சென்று வந்ததில் நான் கேட்டறிந்தவற்றையும் கண்டவற்றையும் இன்று உங்களிடம் கூற வந்திருக்கிறேன். முதலில் ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி; வயது இருபத்திரண்டு. ஒரு நாள் மாலை அவருக்கு இடக் காது வலித்தது. காதில் எண்ணெய் விட்டும் பயனில்லை. அவருடைய தாயார் டார்ச் விளக்கை அடித்து வாய்க்குள் பார்த்தார். பற்களில் சொத்தை எதுவுமில்லை. ஆனால் கீழ்வரிசையின் கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறு சிவந்து, உப்பியிருந்தது. காதுவலி என்று அவர் எண்ணியது உண்மையில் அந்த ஈற்றின் வலியே.

அந்த இடத்தில் நடப்பது இதுதான். ஞானப்பல் பெரும்பாலும் பதினேழு முதல் இருபத்தைந்து வயதுக்குள் முளைக்கிறது. அது கடைசியாக வருகின்ற பல் என்பதால், தாடையில் இடம் போதாமல் சாய்ந்தோ பாதியளவோ வெளிவருவதுண்டு. அப்போது பல்லின் ஒரு பகுதியை ஈற்றுச் சதை ஒரு மடிப்புப் போல மூடிக்கொண்டிருக்கும். மடிப்புக்கும் பல்லுக்கும் இடையே ஒரு சிறு பை உண்டாகிறது. சோற்றுப் பருக்கையும் கிருமிகளும் அதற்குள் தங்கிவிடுகின்றன. பல் துலக்கும் பிரஷ் அங்கே எட்டுவதில்லை. ஈறு வீங்குகிறது. வீங்கிய ஈற்றை மேல்வரிசைப் பல் ஒவ்வொரு கடியிலும் இடிக்கிறது. இடிபட்ட ஈறு மேலும் வீங்குகிறது. உணவை மென்றால் வலி அதிகமாவதற்கும், வாயில் கசப்பும் நாற்றமும் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

நம் இளைஞர் என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடி செய்து வலித்த இடத்தில் வைத்து அழுத்தினார். இந்தப் பழக்கம் பல தோட்டங்களில் உண்டு. ஆஸ்பிரின் விழுங்குவதற்கான மருந்து. ஈற்றின்மேல் வைத்தால் அது சதையைச் சுட்டுப் புண்ணாக்கும். மறுநாள் அவர் ஈற்றில் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. புகையிலையை அடக்கிக்கொள்வதும், ஈர்க்குச்சியால் மடிப்பைக் கிளறுவதும் இதே வகையைச் சேர்ந்தவையே.

அடுத்த நாள் தாயார் உப்பு நீர் கொடுத்தார். இது சரியான வைத்தியம். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ள வேண்டும். நீர் கையில் ஊற்றிப் பார்த்தால் சுடக்கூடாது. ஒரு வாய் நீரை எடுத்து, வலிக்கும் பக்கமாகத் தலையைச் சாய்த்து, அரை நிமிடம் அங்கேயே அலசித் துப்ப வேண்டும், விழுங்கக்கூடாது. குவளை தீரும்வரை இவ்வாறு செய்யலாம். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்பும், உறங்குமுன்பும் செய்வது நல்லது. உப்பை அதிகமாகப் போட்டால் விரைவில் குணமாகும் என்று எண்ணாதீர்கள். புண் எரிவதுதான் மிஞ்சும். வலிக்கிறதென்று பல் துலக்குவதை நிறுத்தாமல், மென்மையான பிரஷால் அந்தப் பல்லையும் மெதுவாகத் துலக்க வேண்டும். வலிக்குப் பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை விழுங்கலாம். இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டைத் தாண்டக்கூடாது. கல்லீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். காய்ச்சலும் இருந்து, டெங்கிச் சந்தேகமும் இருந்தால் ஆஸ்பிரினையும் ஐபுபுரூபனையும் தொடவே வேண்டாம்.

மூன்றாம் நாள் அவருக்கு வலி தணிந்தது. வேலைக்குப் போனார், பல் கிளினிக்கை மறந்தார். இங்கேதான் அவர் தவறினார். உப்பு நீர் அந்தப் பையில் தங்கியதை அலசி வெளியேற்றுகிறது, வீக்கத்தைத் தணிக்கிறது. ஆனால் மடிப்பும் பையும் அப்படியே இருக்கின்றன. அவை இருக்கும்வரை நோய் திரும்பி வர வழியுண்டு.

ஒரு மாதத்திற்குப் பின் அது திரும்பி வந்தது. இம்முறை தாடை இறுகியது. இதை நீங்கள் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து முன்பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். பொதுவாகப் பெரியவர்களுக்கு அவரவர் மூன்று விரல்கள் நுழையும். (இப்போதே சிலர் செய்து பார்க்கிறீர்கள், நல்லது.) முன்பு மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டுதான் நுழைகிறது என்றால், வீக்கம் மெல்லும் தசையைத் தொட்டுவிட்டது என்று பொருள். இனி உப்பு நீரை மட்டும் நம்பியிருக்கலாகாது. அன்றே பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காய்ச்சல், சீழ், தாடைக்குக் கீழே நெரிகட்டுதல், கன்னம் வீங்குதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அப்படியே. நீரிழிவு உள்ளவர்கள் இவற்றுக்காகக் காத்திராமல் முதல் நாளே காட்டுவது நல்லது.

நம் இளைஞரோ வீட்டில் மீந்திருந்த கிருமிக்கொல்லி மருந்தில் நான்கு மாத்திரைகளை விழுங்கினார். யாருக்கோ, எந்த நோய்க்கோ கொடுத்த மருந்து அது. மடிப்புக்குள் இருக்கும் அழுக்கு அகலாமல் மருந்து மட்டும் நோயைத் தீர்ப்பதில்லை. அரைகுறையாக உண்டாலோ கேட்கவே வேண்டாம். இரண்டாம் நாள் இரவு அவர் எச்சிலை விழுங்காமல் ஒரு குவளையில் துப்பிக்கொண்டிருப்பதைத் தாயார் கண்டார். குரலும் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல மாறியிருந்தது. மோவாயின் கீழ் கழுத்து கெட்டியாக வீங்கியிருந்தது. அந்த அம்மாள் விடியும்வரை காத்திருக்கவில்லை. வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்.

அவர் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாக்கின் அடியில் ஒரு தசை வாயின் தரையைப் போல விரிந்திருக்கிறது. கீழ் ஞானப்பல்லின் வேர் நுனி பெரும்பாலும் அந்தத் தரைக்கும் கீழே முடிகிறது. ஆதலால் அங்கு உண்டாகும் சீழ் வாய்க்குள் உடையாமல் கழுத்துப் பக்கம் இறங்கிவிடக் கூடும். அப்போது நாக்கு மேலெழும்பி மூச்சுப் பாதையை அடைக்கும். ஜெர்மானிய மருத்துவர் லூட்விக் 1836இல் விவரித்துக் கூறிய நோய் இது. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அரிதாகவே வருவது, ஆனால் வந்துவிட்டால் நாள் கணக்கில் அன்று, மணிக் கணக்கில் முற்றக்கூடியது. எச்சில் விழுங்க முடியாமை, நாக்கு மேலெழும்புதல், கழுத்து வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றைக் கண்டால் கிளினிக் திறக்கும் நேரத்தைப் பார்க்காதீர்கள். 999ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள்.

அவருக்கு இரத்தக் குழாய் வழியே மருந்து செலுத்தினர். தாடையின் கீழ் கீறிச் சீழை வடித்தனர். வீக்கத்திற்குக் காரணமான பல்லையும் பிடுங்கினர். கழுத்தில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

முதல் முறையே கிளினிக்குக்குப் போயிருந்தால் சிகிச்சை எளிதாக முடிந்திருக்கும். மருத்துவர் மடிப்பின் அடியில் மருந்து நீரைப் பாய்ச்சிக் கழுவுவார். மேற்பல் ஈற்றை இடித்தால் அதைச் சற்றுத் தேய்ப்பார், அல்லது எடுத்துவிடுவார். பின்னர் எக்ஸ்ரே எடுத்து, கீழ்ப்பல் நேராக முளைக்க இடமுண்டா என்று பார்ப்பார். இடமிருந்தால் விட்டுவைப்பார். ஞானப்பல் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. வீக்கம் மறுபடியும் வந்தாலோ, ஒரே முறை கடுமையாக வந்தாலோ எடுத்துவிடும்படி கூறுவார். அந்தப் பல்லின் அருகே உதட்டுக்கும் நாக்குக்கும் உணர்வூட்டும் நரம்புகள் செல்வதால், அறுவைக்குப் பின் சிலருக்கு அங்கே மரமரப்பு ஏற்படலாம். பெரும்பாலோர்க்கு அது நாளடைவில் நீங்கிவிடும். இதைப் பற்றி முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது, அருகிலுள்ள பல் கிளினிக் எங்கே, எந்தக் கிழமைகளில் திறந்திருக்கும் என்னும் விவரத்தை வாசலருகே ஒட்டியிருக்கிறோம். எழுதிக்கொள்ள விரும்புவோர்க்குத் தாளும் பென்சிலும் மேசைமேல் இருக்கின்றன.