வண்டிக்கூலி குறைய ஒரு கட்டம்

சகோதரிகளே, நம்ம அரிசி குறிஞ்சிப்பாடி கிடங்கில் 60 மூட்டை, சிதம்பரம் கிடங்கில் 40 மூட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வடலூர் கடைக்கு 40, புவனகிரிக்கு 30, பரங்கிப்பேட்டைக்கு 30 மூட்டை வேண்டும். ஒரு மூட்டைக்குக் கூலி (ரூபாயில்) இப்படி:

| | வடலூர் | புவனகிரி | பரங்கிப்பேட்டை |
|---|---|---|---|
| குறிஞ்சிப்பாடி | 5 | 12 | 22 |
| சிதம்பரம் | 20 | 8 | 14 |

கூலி குறைந்த கட்டத்தையே முதலில் நிரப்பினால், வடலூருக்கு 40 மூட்டையும் குறிஞ்சிப்பாடியிலிருந்து போகும். புவனகிரிக்கு 30 சிதம்பரத்திலிருந்து. பரங்கிப்பேட்டைக்குச் சிதம்பரத்தில் மிச்சம் 10தான்; பாக்கி 20 மூட்டையைக் குறிஞ்சிப்பாடியிலிருந்து 22 ரூபாய் கூலியில் அனுப்பணும். மொத்தம் 1,020 ரூபாய்.

இப்போ வித்தியாசத்தைப் பாருங்க. சிதம்பரத்துக்குப் பதில் குறிஞ்சிப்பாடியிலிருந்து அனுப்பினால் புவனகிரிக்கு மூட்டைக்கு 4 ரூபாய்தான் கூடும். பரங்கிப்பேட்டைக்கோ 8 ரூபாய் கூடும். அதனால் சிதம்பரம் சரக்கை முதலில் பரங்கிப்பேட்டைக்கு 30 கொடுத்து, மிச்சம் 10ஐப் புவனகிரிக்கு அனுப்புவோம். புவனகிரிக்குப் பாக்கி 20 குறிஞ்சிப்பாடியிலிருந்து போகட்டும். வடலூருக்கு 200, பரங்கிப்பேட்டைக்கு 420, புவனகிரிக்கு 80ம் 240ம்; மொத்தம் 940 ரூபாய். அதே மூட்டைதான், 80 ரூபாய் மிச்சம்.

ஒன்று கவனிக்கணும். மூட்டைக் கணக்கில் கூலி கொடுத்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். வண்டிக்காரர் நடைக்கு இவ்வளவு என்று பேசினால், எத்தனை நடை ஆகும் என்று எண்ணித்தான் கணக்குப் போடணும்.