கதைச்சுருக்கத்தில் கதை மட்டும்



ஒரு சிறுகதையின் கதையோட்டத்தை, நம் விளக்கத்தையும் மதிப்பீட்டையும் கலவாமல் சுருக்கி எழுதுவது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளார்கள். எளிய வேலை என்று தோன்றும். எழுதத் தொடங்கினால்தான் தமிழ் மொழியே நம்மை அறியாமல் நம் கருத்தை உள்ளே நுழைத்துவிடுகிறது என்பது புலப்படும். அது எந்தெந்த வாயில் வழியாக நுழைகிறது என்பதை ஒரே ஒரு கதையை வைத்துக்கொண்டு காண்போம்.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். ஆகவே இவ்வட்டாரத்துக்கு அவர் அயலார் அல்லர். தீபாவளியை ஒட்டி ஒரு சிற்றூரில் நடக்கும் கதை அது. பலர் படித்திருப்பீர்கள்.

இக்கதைக்கு மாணவர் ஒருவர் எழுதக்கூடிய சுருக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் வரலாம்: “ஏழையாயினும் பரந்த உள்ளம் படைத்த தாயம்மாள், எச்சில் இலையில் உண்ட அநாதைச் சிறுவனைக் கண்டு மனமிரங்கி, தன் கணவனுக்காக வாங்கி வைத்திருந்த துண்டைக்கூட அவனுக்கே கொடுத்துவிட்டாள்.” படிக்க நன்றாகவே இருக்கிறது, பிழையான செய்தி ஏதும் இல்லை என்றும் தோன்றும். ஆனால் இதில் நான்கு இடங்களில் மாணவர் பேசுகிறார், கதை பேசவில்லை.

முதலாவது, ‘பரந்த உள்ளம் படைத்த’ என்னும் அடைமொழி. இது எல்லார் கண்ணிலும் படும், நீக்குவதும் எளிது. ‘ஏழையாயினும்’ என்பது சற்று நுட்பமானது. அக்குடும்பம் ஏழ்மையில் இருப்பதைக் கதை நிகழ்ச்சிகளாலேயே காட்டுகிறது. ஆகவே ‘ஏழை’ என்னும் சொல்லை ஏற்கலாம். ஆனால் ‘ஆயினும்’ என்னும் இணைப்பு, ஏழைகள் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள் என்னும் ஓர் எண்ணத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அவ்வெண்ணம் மாணவருடையது.

இரண்டாவது, ‘மனமிரங்கி’. தமிழில் வினையெச்சம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ‘கதவைத் திறந்து வெளியே வந்தாள்’ என்பதில் அது முறையே நிகழ்ந்த இரு செயல்களைத் தொடுக்கிறது. ‘மழை பெய்து குளம் நிரம்பியது’ என்பதில் காரணத்தைச் சொல்கிறது. வடிவம் ஒன்றுதான், பொருளே வேறு. ஆகவே இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஓர் எச்சத்தைச் செருகிவிட்டால், நாம் காரணம் கற்பித்தோம் என்பதே தெரியாமல் போய்விடும். ‘கண்டு அழைத்தாள்’ என்பது நிகழ்ச்சி. ‘கண்டு இரங்கி அழைத்தாள்’ என்பது நிகழ்ச்சியும் அதற்கான உள்நோக்கமும். உள்ளத்து நிலையைச் சொல்லவே கூடாது என்பதன்று. பாத்திரம் வருந்தியதாகக் கதைசொல்லியே கூறியிருந்தால், அதுவும் கதையில் உள்ள செய்திதான், தாராளமாக எழுதலாம். எழுதியவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இச்சொல்லுக்கு உரிய இடத்தைக் கதையில் விரல் வைத்துக் காட்ட இயலுமா? இயலும் என்றால் இருக்கட்டும். இயலாது என்றால் அடித்துவிடுவோம்.

மூன்றாவது, ‘துண்டைக்கூட’ என்பதில் உள்ள ‘கூட’. நான்காவது, ‘அவனுக்கே’ என்பதில் உள்ள ஏகாரம். நாம் நெடுங்காலம் கவனித்த வரையில், மாணவர் அடைமொழிகளை விலக்கக் கற்றுக்கொண்ட பின்னும் இவ்விடைச்சொற்களை விட்டுவைப்பார்கள். ஓரெழுத்து, ஈரெழுத்துத்தானே என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் ‘துண்டைக் கொடுத்தாள்’ என்பதற்கும் ‘துண்டைக்கூடக் கொடுத்தாள்’ என்பதற்கும் இடையே ஒரு முழு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: ‘அதை அவள் கொடுப்பாள் என்று யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.’ துணைவினையாக வரும் ‘விடு’ என்பதும் இத்தகையதே. ‘கொடுத்துவிட்டாள்’ என்பதில் செயல் முற்றுப்பெற்றதோடு, இனி மீட்க இயலாது என்னும் குறிப்பும் சேர்ந்துகொள்கிறது. நான்கு என்று எண்ணிச் சொன்னோம். இதையும் சேர்த்தால் ஐந்தாகிறது.

இனி, இக்கதைக்கே உரிய ஓர் இடர். ஊரிலுள்ள செல்வர் வீட்டுக்கு அவர்களுடைய மருமகன் தலைத்தீபாவளிக்கு வருகிறார். அவர் ஜமீனைச் சேர்ந்தவர். அவரை ‘ராஜா’ என்கிறார்கள். தாயம்மாள் வீட்டுக்கு வந்த சிறுவனின் பெயரும் ராஜா. கதையின் தலைப்பு ‘வந்திருக்கிறார்’ என்று முடிகிறது. ஆங்கிலம் முதலான மொழிகளில் இவ்விடத்தில் எழுதுபவருக்குத் தொல்லை இல்லை. தமிழில் வினைமுற்று விகுதியே மதிப்பைக் காட்டிவிடுகிறது. ‘ஆன்’ அல்லது ‘ஆர்’ என ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீரவேண்டும். சிறுவனுக்கு ‘ஆர்’ விகுதி கொடுத்துச் சுருக்கம் எழுதினால், அவனே உண்மையான அரசன் என்று நாம் தீர்ப்புச் சொன்னவராகிறோம். அது நல்ல வாசிப்பாகவே இருக்கலாம். எனினும் அதற்குரிய இடம் கட்டுரையின் அடுத்த பத்தி.

இதற்கு நம் இலக்கணத்திலேயே ஒரு வழி உண்டு. பாத்திரத்தின் கூற்றை அயற்கூற்றாக மாற்றி, ‘வந்திருப்பதாக’ என எழுதினால் விகுதி மறைந்துவிடும். ‘தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகக் கூறுகிறது’ என்னும் தொடரில் ஆனும் இல்லை, ஆரும் இல்லை. அதில் வரும் ‘வீட்டுக்கும்’ என்பதன் உம்மையை நீக்கலாமா என்று வினவலாம். நீக்கக்கூடாது. அவ்வும்மை நம்முடையதன்று, பேசும் குழந்தையுடையது. ‘கூட’ என்பதை அடித்த அதே கை இவ்வும்மையைக் காக்கவேண்டும்.

இப்போது முழுச் சுருக்கத்தையும் எழுதிப் பார்ப்போம்.

“தாயம்மாளின் பிள்ளைகளும் செல்வர் வீட்டுச் சிறுவன் ராமசாமியும் தத்தம் உடைமைகளைக் கூறிப் போட்டியிடுகின்றனர். ராமசாமியின் வீட்டுக்கு, ‘ராஜா’ என அழைக்கப்படும் ஜமீன் மருமகன் தீபாவளிக்கு வருகிறார். அன்றிரவு, உடம்பில் சிரங்குள்ள ஒரு சிறுவன் எச்சில் இலையிலிருந்து உண்பதைத் தாயம்மாள் காண்கிறாள். அவனை வீட்டுக்குள் அழைக்கிறாள். அவன் தன் பெயர் ராஜா என்கிறான். அவனுக்குப் பெற்றோர் இல்லை. தீபாவளியன்று தாயம்மாள் அவனையும் குளிப்பாட்டுகிறாள். கணவனுக்கென வாங்கிய துண்டை அவனுக்குக் கொடுக்கிறாள். தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாக ராமசாமி சொல்ல, தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக இவ்வீட்டுக் குழந்தை விடை கூறுகிறது.”

இதில் ‘மனத்தைத் தொடும் முடிவு’ இல்லை. ‘ஆசிரியர் அழகாகச் சித்திரித்துள்ளார்’ என்பதும் இல்லை. பிள்ளைகளின் போட்டியை முதல் வாக்கியத்திலேயே வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இடம் கருதி அதை விட்டுவிடுவோரும் உண்டு. விட்டால், இறுதியில் குழந்தை கூறும் விடை எந்த வரிசையில் வந்து விழுகிறது என்பது படிப்பவருக்குத் தெரியாது. அவ்விடையைத் தனியாக நிற்கும் ஒரு தத்துவ வாக்கியமாகக் கொள்ள நேரும். எதை எடுப்பது, எதை விடுப்பது என்பதில் நம் தீர்ப்பு எப்படியும் இருக்கத்தான் செய்யும். அதை முற்றிலும் ஒழிக்க இயலாது. பின்னர் நிகழும் ஒன்றுக்கு முன்னர் நிகழ்ந்த எது தேவையோ அதை வைத்துக்கொள்வது என்னும் அளவுகோலை நாம் கையாண்டோம். சிரங்கைக் குறிப்பிட்டது சரியா என்று நண்பர் ஒருவர் கேட்டார். குளிப்பாட்டும் நிகழ்ச்சி பின்னால் வருவதால் வைத்தோம். அதுவும் வேண்டாம் என்று வாதிட இடமுண்டு. கேள்வி நேரத்தில் வாதிடலாம்.