பால் கக்கும் குழந்தை, தூங்காத இரவு: எப்போது கவலைப்பட வேண்டும்?

(ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தடுப்பூசி நாள் அன்னைக்கு என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "டாக்டர், குழந்தை குடிச்ச பாலை எல்லாம் கக்கிடுது. படுக்க வெச்சா நெளியுது, அழுது. ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை. மருந்து எழுதிக் கொடுங்க."

போன மாதங்களில் வந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். பத்து வாரக் குழந்தை. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறது. ஆனாலும் "பால் பத்தலை, அதான் அழுது" என்று பாட்டிக்கு ஒரு சந்தேகம். அதனால் தினமும் இரவு பத்து மணிக்குத் தாய்ப்பால் கொடுத்த கையோடு, பாட்டிலில் 120 மில்லி பவுடர் பாலும் கொடுத்துத் தூளியில் போட்டுவிடுவார்கள். பதினொன்றரைக்குள் கக்கல், நெளிவு, அழுகை. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கக்குகிறது. பக்கத்து வீட்டில் "தொக்கம் எடுங்க" என்கிறார்கள். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

நான் முதலில் கேட்டது தாய் சேய் நல அட்டையைத்தான். பிறந்தபோது எடை 2.9 கிலோ. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வந்தபோது 4 கிலோ. அன்றைக்கு 4.9 கிலோ. அதாவது 28 நாளில் 900 கிராம், ஒரு நாளைக்குச் சுமார் 32 கிராம். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினாலே போதும். அப்போ குடிச்சதை எல்லாம் இந்தக் குழந்தை கக்கிடுதா? இல்லை. தேவைக்கு மேலேயே குடிக்குது, மிச்சம்தான் வெளியே வருது.

கக்குவது ஏன் இவ்வளவு அதிகமாகத் தெரிகிறது? வீட்டில் ஒரு தேக்கரண்டி பாலைத் துணியில் ஊற்றிப் பாருங்க. ஐந்து மில்லிதான், ஆனா உள்ளங்கை அகலத்துக்குப் பரவும்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது கதவு மாதிரி. நமக்கும் அது அப்பப்போ தானாகத் திறந்து மூடும். குழந்தையின் இரைப்பை சின்னது, உள்ளே இருப்பதெல்லாம் திரவம், பெரும்பாலும் படுத்தே இருக்கிறது. அதனால் கதவு திறந்தவுடன் பால் மேலே வந்துவிடுகிறது. நாலு மாத வாக்கில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் தினமும் கக்கும். பிறகு உட்கார, நிற்க ஆரம்பித்தால் குறையும். ஒரு வயது தாண்டும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும்.

அந்தக் குடும்பத்துக்கு மருந்து எதுவும் எழுதவில்லை. நாலு மாற்றம்தான் சொன்னேன். எடை நன்றாக ஏறுவதால் இரவு பாட்டில் வேண்டாம். பால் கொடுக்கும்போது நடுவிலும் முடிவிலும் ஏப்பம் விட வையுங்க. குடித்த பிறகு இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடியுங்க. அப்போது வயிற்றை அழுத்தவோ குலுக்கவோ கூடாது. அப்புறம் தூளியில் இல்லாமல், சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்க.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் பாட்டி பயந்துவிட்டார். "மல்லாக்கப் போட்டா கக்கினது மூச்சுக்குழாயில போயிடாதா டாக்டர்?" நியாயமான பயம். ஆனா மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலே வந்த பால் மூச்சுக்குழாய்க்குள் போகணும்னா மேடு ஏறணும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிறது; திடீர் மரண ஆபத்தும் கூடுகிறது. தலையணை வைத்து உயர்த்துவதால் கக்குவது குறைவதில்லை. குழந்தை சரிந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சு தடைப்படலாம். தூளியிலும் உடம்பு வளைந்து வயிறு மடங்கும், தாடை நெஞ்சோடு ஒட்டும்.

இரண்டு வாரத்தில் கக்குவது ஒரு நாளைக்கு மூன்று தடவையாகக் குறைந்தது. பதினான்காவது வாரத்தில் எடை 5.6 கிலோ. நாளுக்கு 25 கிராம் ஏற்றம், அருமை. இரவில் இரண்டு தடவை இன்னும் எழுந்தது. அது பசிக்கு எழுவது. அந்த வயதில் அது இயல்பு.

ஒன்றைக் கவனிக்கணும். பாட்டிலை நிறுத்தச் சொன்னது எடை நன்றாக ஏறிய குழந்தைக்கு. எடை ஏறாத குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் பாலைக் குறைக்கக் கூடாது.

"ஏன் டாக்டர், ஒரு அசிடிட்டி மருந்து கொடுத்தா என்ன?" என்று கேட்பீங்க. அந்த மருந்து பாலின் புளிப்பைத்தான் குறைக்கும், கக்குவதை நிறுத்தாது. வெறும் அழுகைக்கும் அது உதவுவதில்லை. வயிற்று அமிலம் கிருமிகளைக் கொல்வதால், அதைக் குறைத்தால் வயிற்றுப்போக்கும் சளிக் காய்ச்சலும் வர வாய்ப்பு கூடுகிறது. கடைகளில் கிடைக்கும் டோம்பெரிடோன் சொட்டு மருந்து இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீங்க.

எடை ஏறாமல், பால் குடிக்க மறுத்து, வலியில் அழும் குழந்தை என்றால் நாங்கள் வேறு மாதிரி யோசிப்போம். பால் கொடுக்கும் முறையைப் பார்ப்போம். சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று பார்ப்போம். மலத்தில் ரத்தமோ தோலில் சொறியோ இருந்தால், பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அம்மாவைப் பால், தயிர் எல்லாவற்றையும் இரண்டு முதல் நாலு வாரம் நிறுத்தச் சொல்லிப் பார்ப்போம். அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால்தான் அமில மருந்து, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும்.

இப்போ காத்திருக்கவே கூடாத அறிகுறிகள். வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் குடல் முறுக்கியிருக்கலாம்; உடனே மருத்துவமனை. பிறந்து இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள், ஒவ்வொரு தடவையும் பால் பீய்ச்சி அடிப்பது போல வெளியே வந்து, உடனே குழந்தை மறுபடி பசிக்கு அழுது, சிறுநீரும் எடையும் குறைந்தால், இரைப்பையின் வெளிவாசல் தடித்திருக்கலாம். ஸ்கேனில் தெரியும், சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகும். இந்த நேரத்தில் தொக்கம் எடுக்க, உரம் எடுக்கப் போய் இரண்டு நாளை இழந்தால் குழந்தை நீர் வற்றிச் சோர்ந்துவிடும். வாந்தியில் ரத்தம், வயிறு உப்புதல், காய்ச்சல், எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு நின்று உடம்பு நீலமாவது இவையும் அவசரம்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாக வாந்தி ஆரம்பித்தாலும் காட்டணும்.

உங்க கையில் இருக்கும் போன் இங்கே பெரிய உதவி. குழந்தை நெளியும்போது அரை நிமிட வீடியோ எடுங்க. கக்கிய துணியைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்க. பால் கொடுத்த நேரம், கக்கிய நேரம், நனைந்த துணிகளின் எண்ணிக்கை மூன்றையும் மூன்று நாள் குறித்து வாங்க. ஒரு அம்மா "எதுக்களிப்பு" என்று காட்டிய வீடியோவில், குழந்தை சில நொடிக்கு ஒரு தடவை வெடுக் வெடுக்கென்று மடங்கியது. அது எதுக்களிப்பு இல்லை, ஒரு வகை வலிப்பு. அப்படித் தெரிந்தால் அன்றைக்கே காட்டணும்.

ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-ல் ஆலோசனை கேட்கலாம். இப்போ சொன்ன அவசர அறிகுறி தெரிந்தால் நேராக 108. மற்ற நாட்களில் கிராம சுகாதார செவிலியரிடம் எடை போட்டு, அட்டையில் குறித்து வாங்கிக்கோங்க. அடுத்த முறை என்கிட்ட வரும்போது, "எத்தனை தடவை கக்குச்சு" என்பதோடு "எவ்வளவு எடை ஏறுச்சு" என்பதையும் சொல்லுங்க.