ஆசிரியரின் சான்று செல்லுமா?

உத்தியோக விண்ணப்பப் பத்திரத்தில் ஒரு சிறு பகுதியைப் பற்றி மட்டுமே இன்று பேச விரும்புகிறேன். "உறவினரல்லாத இருவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம்" என்று அங்கே கேட்டிருக்கும். வேலை பார்த்தவர்கள் பழைய முதலாளியின் பெயரை எழுதுவார்கள். பாடசாலையை விட்டு இப்போதுதான் வெளியே வந்த பிள்ளை யாருடைய பெயரை எழுதுவது?

சிலர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். சிலர் மாமாவின் பெயரை எழுதுகிறார்கள். இரண்டும் விண்ணப்பத்துக்குக் கேடு. ஆனால், "எனக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரைத் தரலாமா?" என்று ஆள் சேர்க்கும் அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்பவர் மிகச் சிலரே.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் கண்டி நகரிலுள்ள ஒரு வங்கிக் கிளையின் பயிலுநர் பதவிக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து எட்டு மாதமாகிறது. விடுமுறையில் ஒரு புத்தகக் கடையில் மூன்று வாரம் கணக்கெழுத உதவியதைத் தவிர வேறு வேலை அனுபவம் இல்லை. முடிவு திகதிக்கு ஒரு வாரம் முன்னதாக, விளம்பரத்திலுள்ள இலக்கத்துக்கு அவள் தொலைபேசியில் பேசுகிறாள்:

"வணக்கம். பயிலுநர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். நிரந்தரமாக எங்கும் வேலை செய்ததில்லை. சான்று கூறுவோர் இருவரில் ஒருவராக, உயர்தரத்தில் இரண்டு ஆண்டு எனக்குக் கணக்கீடு கற்பித்த ஆசிரியையின் பெயரைத் தரலாமா? மற்றவர் நான் மூன்று வாரம் உதவிய கடை உரிமையாளர். இது போதுமா?"

இந்தக் கேள்வியில் மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை. ஆசிரியை யார், எவ்வளவு காலம் தெரியும் என்பதைச் சொல்லிவிட்டதால், அதிகாரி உடனே தீர்மானித்துப் பதில் சொல்லலாம்.

பதில் மூன்று விதமாக வரக்கூடும். "தரலாம்" என்றால் கவலையில்லை. "பாடசாலைக் கடிதத் தலைப்பில் கடிதமும் வேண்டும்" என்றால் அதிபரிடம் உடனே போகவேண்டும். "முன்னைய தொழில் வழங்குநர் ஒருவர் கட்டாயம்" என்றால், "மூன்று வாரம் உதவி பெற்ற கடை உரிமையாளரை அவ்விதம் ஏற்பீர்களா?" என்று கேட்கலாம். யார் பதில் சொன்னார், எந்தத் திகதியில் என்பதைக் குறித்து வைப்பது நன்று. பதிலே கிடைக்காவிட்டாலும் ஆசிரியையின் பெயரை எழுதி, "முன்னாள் ஆசிரியை" என்று உறவைத் தெளிவாகக் குறிப்பிடவேண்டும். ஆசிரியரை முதலாளி என்று எழுதுவது பொய். ஒரு தொலைபேசி அழைப்பில் அது வெளிப்பட்டுவிடும்.

அரசாங்க உத்தியோகத்தில் நிலைமை வேறு. வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியில் அறிவித்தல் என்ன சொல்கிறதோ அதுவே நியதி. அலுவலகத்தில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதை அதற்கு மேலாகக் கொள்ளக்கூடாது.

ஆசிரியரின் சான்றுக்கு என்ன பெறுமதி? அவரிடம் வரவுப் பதிவேடு இருந்தது. பிள்ளை நேரத்துக்கு வந்தாளா, கொடுத்த வேலையைத் தவணைக்குள் முடித்தாளா, பிழை சுட்டினால் திருத்தினாளா என்பதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். வாடிக்கையாளரிடம் எப்படி நடப்பாள், பணத்தை எப்படிக் கையாள்வாள் என்பதை அவர் சொல்ல முடியாது. அதனாலேதான் இரண்டாம் பெயர், வேலை செய்வதைக் கண்ட ஒருவருடையதாக இருக்கவேண்டும். இருவரும் ஆசிரியராயின் இரண்டு பேரும் ஒன்றையே சொல்வார்கள்.

அடுத்ததாக, சம்மதம் கேட்காமல் எவர் பெயரையும் எழுதக்கூடாது. எந்தப் பதவி, எந்த நிறுவனம், எப்போது அழைப்பு வரலாம் என்பதை ஆசிரியைக்குச் சொல்லி, விண்ணப்பத்தின் பிரதியையும் கொடுங்கள். அரசாங்கப் பாடசாலைகள் பகல் ஒன்றரை மணிக்கு முடிவதால், "பிற்பகல் 2 மணிக்குப் பின் அழைக்கவும்" என்று எழுதுவது உதவும். ஆசிரியர்கள் இடமாற்றம் பெறுவது வழக்கம். ஆகவே பாடசாலை இலக்கத்தை மட்டும் கொடுத்தால், "அவர் இங்கே இல்லை" என்ற பதிலோடு காரியம் முடிந்துவிடும். அவருடைய சொந்த இலக்கத்தையும் கேட்டுப் பெறுங்கள்.

ஆசிரியை தயங்கினால் அதைப் புரிந்துகொண்டு வேறொருவரை நாடுங்கள். அரைமனதான சான்று இல்லாத சான்றைவிடக் கெடுதி செய்யும். ஆசிரியர் உறவினராகவும் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராயினும் அந்தப் பத்திரத்துக்கு அவர் ஆகமாட்டார்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையிலோ அலுவலகத்திலோ உங்களிடம் சில வாரம் உதவிய பிள்ளை பெயர் கேட்டு வந்தால், கண்டதை மட்டும் சொல்லச் சம்மதியுங்கள். இரண்டாம் பெயரில்லாமல் தவிக்கும் பிள்ளைக்கு அது பேருதவி.