விளக்கேற்றும் வேளைக்கு ஒரு பள்ளியெழுச்சி



இன்றைய உரைக்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. நான்கடிப் பாட்டு ஒன்று. எம் தாயார் வைகறையில் விளக்கேற்றும்போது பாடுவதற்காக எழுதப்பட்டது. அது எழுதப்பட்ட முறையையும், முதலில் எழுதியது ஏன் பயன்படாமற் போயிற்று என்பதையும் உங்கள் முன் வைக்கிறோம்.

எம் பாட்டியார் தோட்டப்புற வீட்டில் அம்மன் படத்தின் முன் நாள்தோறும் ஒரு பாட்டுப் பாடுவார். அவரே கட்டியதா, அவர் தாயிடம் கேட்டதா என்று எவரும் வினவவில்லை. எழுதியும் வைக்கவில்லை. அவர் மறைந்தபின் எம் தாயாருக்கு அதன் இசை மட்டும் நினைவில் நின்றது. சொற்கள் இல்லை. சில ஆண்டுகள் கைப்பேசியில் பதிவுப் பாடலை ஒலிக்கவிட்டு விளக்கேற்றினார். ஒருநாள், “பாட்டு முடிவதற்காக நான் காத்திருக்கிறேன், பாட்டு எனக்காகக் காத்திருப்பதில்லை” என்றார். அவருக்காக ஒன்று எழுத முனைந்தது அதன் பின்னர்தான்.

பள்ளியெழுச்சி என்பதன் பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். இப்பெயரைக் கேட்ட மாணவர் ஒருவர், “சாமி பள்ளிக்கூடம் போகிறதா?” என்று எம்மை வினவியதுண்டு. பள்ளி என்பது இங்கே படுக்கை. படுக்கையினின்று எழுப்புதலே பள்ளியெழுச்சி. இதன் வேர் அரண்மனையில் உள்ளது. துயிலும் மன்னனைச் சூதர் புகழ்ந்து எழுப்புவதைத் தொல்காப்பியம் துயிலெடை நிலை என்னும் துறையாகக் கூறுகிறது. மன்னனுக்கு உரியது பின்னர் இறைவனுக்கு ஆயிற்று. தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்கும், மாணிக்கவாசகர் திருப்பெருந்துறை இறைவனுக்கும் பத்துப் பத்துப் பாடல்கள் அருளினர். பாரதியார் அம்மரபைப் பாரதமாதாவுக்கு ஆக்கினார்.

ஆழ்வாரும் மாணிக்கவாசகரும் கையாண்டது எண்சீர் விருத்தம். யாமும் அதையே எடுத்து எழுதினோம். தாயார் பாடிப் பார்த்தார். அடி முடியுமுன் மூச்சு முடிந்தது. அவருக்கு அகவை எழுபதைக் கடந்துவிட்டது. விளக்கின் முன் குனிந்த நிலையில் பாட வேண்டியவர். கோயிலில் ஓதுவார் நிமிர்ந்து நின்று பாடுவதும், வீட்டில் ஒருவர் கையில் தீக்குச்சியோடு பாடுவதும் ஒன்றல்ல. ஆகவே அறுசீர் விருத்தத்திற்கு மாறினோம். ஓரடியில் ஆறு சீர். மூன்று சீருக்கு ஒரு மூச்சு. ‘விளம், மா, தேமா’ என்று அரையடி. மீண்டும் அதே வாய்பாட்டில் மற்றோர் அரையடி. பாட்டியாரின் இசை இதில் பெரும்பாலும் பொருந்தி அமர்ந்தது என்று தாயார் சொன்னார். காலைக்குரிய பூபாளத்தில் அமைக்கலாமே என்று நண்பர் ஒருவர் கூறினார். தாயாருக்குத் தெரிந்த இசை நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கியது. அதுவே போதும் என்று விட்டுவிட்டோம்.

இனி முதல் வரைவு. அதன் தொடக்க அடி இது:

பொன்னொளிக் கதிரோன் தோன்றப் புள்ளினம் ஆர்த்துப் பாட

யாப்பில் குறையில்லை. முதற்சீரிலும் நான்காம் சீரிலும் மோனை உண்டு. தாயார் இதைக் கேட்டுவிட்டுச் சன்னலைக் காட்டி, “எங்கே ஐயா உன் கதிரோன்?” என்றார். அவர் விளக்கேற்றுவது காலை ஐந்தே முக்கால் மணிக்கு. இந்நாட்டில் ஏறக்குறைய ஏழு மணி ஆன பின்னரே ஞாயிறு எழுகிறது. 1982 சனவரியில் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தின. கடிகாரம் நகர்ந்தது, ஞாயிறு நகரவில்லை. பேரப்பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிப் பேருந்து ஏறுகின்றனர். அவர்கள் புறப்படுமுன் விளக்கு எரிய வேண்டும் என்பது தாயாரின் வழக்கம். கதிரவன் வந்துவிட்டான், எழுந்தருள்க என்பது மரபுப் பாட்டின் வாதம். அந்த வாதம் எம் வீட்டில் பொய்யாகிறது. கதிரவன் வருமுன் அங்கே விளக்கு வந்துவிடுகிறது. இருளில் தெய்வம் விழிப்பதற்குக் காரணமாகக் காட்ட, அந்த ஒரு சுடரன்றி வேறொன்றும் இல்லை.

இதை உணர்ந்தவுடன் பாட்டின் அமைப்பே மாறியது. வானத்தை விட்டுவிட்டு விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளக்கேற்றும் செயல்கள் நடக்கும் வரிசையிலேயே சொற்களும் வர வேண்டும். தாயார் செய்வதை ஒரு காலையில் அமர்ந்து பார்த்தோம். முந்தைய நாளின் கரிந்த திரியை எடுக்கிறார். காமாட்சி விளக்கில் நல்லெண்ணெய் வார்க்கிறார். பஞ்சுத் திரியை எண்ணெயில் தோய்த்து, நுனியை விரலால் கூராக்கி வைக்கிறார். பிறகு ஏற்றுகிறார். சுடர் முதலில் படபடக்கும். நிலைகொள்ளச் சற்று நேரமாகும். அது நிலைத்த பின்னரே படத்தை நிமிர்ந்து பார்க்கிறார். ஆகவே விளிச்சொல் பாட்டின் தொடக்கத்தில் வரலாகாது. ‘அன்னையே’ என்பது நான்காம் அடிக்கு உரியது.

புற ஒலி ஏதும் வேண்டாவா என்றால், வேண்டும். ஆனால் கேட்பதையே சொல்ல வேண்டும். சங்கும் முரசும் எம் தெருவில் ஒலிப்பதில்லை. அவ்வேளையில் கேட்பவை இரண்டு. ஒன்று அயலிலுள்ள மசூதியின் வைகறைத் தொழுகை அழைப்பு. தாயாருக்கு அதுவே கடிகாரம். மற்றொன்று வரிசை வீடுகளின் பின்னால் உள்ள மாமரத்துக் குயில். அது விடியலுக்கு வெகுமுன்னரே இருட்டில் கூவத் தொடங்கிவிடும். குயிலைப் பாட்டுக்குள் வைத்துக்கொண்டோம்.

முதல் வரைவின் இறுதியடியில் வேறொரு பிழை இருந்தது.

அன்னையே எழுவாய் இன்னே அடியவர் துயரம் தீர்க்க

‘எழுவாய்’ என்பது ஏவல். ‘இன்னே’ என்றால் இப்பொழுதே. துயில்பவரை எழுப்பி, கண் திறக்குமுன் கையில் வேண்டுகோள் பட்டியலைத் திணிப்பது போன்றது இது. மாணவர் எழுதும் பள்ளியெழுச்சிப் பாட்டுகளில் யாம் மிகுதியாகக் காண்பதும் இப்பிழையே. முதல் மூன்றடி மென்மையாக இருக்கும். கடைசியடியில் தேர்வும் வேலையும் செல்வமும் வந்து நிற்கும். ஏவலுக்கு மாற்றாகத் தமிழில் வியங்கோள் உண்டு. ‘செய்க’ என்னும் வடிவம் வேண்டலுக்கும் வாழ்த்துதலுக்கும் உரியது. முன்னிலையில் வியங்கோள் நிலைபெறாது என்று தொல்காப்பியர் கூறினாலும், நன்னூலார் அதனை எல்லா இடத்திற்கும் பொதுவாக்கினார். ஆதலால் ‘செய்க நீயே’ என்பது இலக்கணத்திற்குப் பகையன்று. ‘எழு’ என்னும் வினையையும் நீக்கி, விழி மலர்தல் என்பதை வைத்தோம். எழுவது உடலின் செயல். அதில் ஓர் அவசரம் உண்டு. மலர்தல் தானே நிகழ்வது.

திருந்திய பாட்டு இது:

இன்னமும் இருளே சூழ இளங்குயில் ஒன்று கூவப்
பொன்னிற எண்ணெய் வார்த்துப் புதுத்திரி நனைத்து வைத்து
என்னுடை நடுங்கும் கையால் ஏற்றினேன் சிறிய தீபம்
அன்னையே விழிகள் மெல்ல அலர்ந்தருள் செய்க நீயே

அலகிட்டுப் பார்ப்போருக்காக முதலடியைப் பிரித்துக் காட்டுகிறோம். ‘இன்/னமும்’ கூவிளம், ‘இரு/ளே’ புளிமா, ‘சூ/ழ’ தேமா, ‘இளங்/குயில்’ கருவிளம், ‘ஒன்/று’ தேமா, ‘கூ/வப்’ தேமா. மற்ற அடிகளும் இவ்வாய்பாட்டிலேயே செல்லும். நான்கடியிலும் இரண்டாம் எழுத்து னகர மெய்யாக வந்து எதுகையாயிற்று. இந்த எதுகையைத் தேர்ந்தமைக்கு மென்மையே காரணம். னகரம் மெல்லினம், மூக்கின் வழியே நீளும். ‘பட்டு’, ‘கற்று’ போன்ற வல்லின இரட்டிப்பு எதுகையில் நின்றால், ஒவ்வோர் அடியும் கதவைத் தட்டுவதுபோல் தொடங்கும்.

இரண்டாம் அடியில் ‘வார்த்து’, ‘நனைத்து’, ‘வைத்து’ என வல்லினம் அடுக்கி வருவதை ஆசிரியர்கள் கவனித்திருப்பீர்கள். அதை மென்மையாக்கப் பலமுறை முயன்றோம், இயலவில்லை. வினையெச்சங்களை நீக்கினால் எண்ணெயும் திரியும் அழகுப் பொருள்களாக நின்றுவிடுகின்றன. எவரும் எதையும் செய்யவில்லை. அக்குறையோடே விட்டுவிட்டோம். ஓர் ஆறுதல் உண்டு. அந்த அடியைப் பாடும்போது சுடர் இன்னும் ஏற்றப்படவில்லை. சுடரை ஒட்டி முகம் இருக்கையில் ‘பொன்’, ‘புது’ போன்ற பகரச் சொற்கள் வந்தால் வாயினின்று வெளிப்படும் காற்றில் சுடர் அசைவதைக் கண்டோம். ஏற்றியபின் வரும் நான்காம் அடியில் பகரமே இல்லை.

மூன்றாம் அடியில் ஒரு சொல் எம்முடையதன்று. யாம் எழுதியது ‘சிறிய கையால்’ என்பது. பணிவுக்காக எழுதினோம், யாப்புக்கும் பொருந்திற்று. தாயார் அவ்விடத்தில் நிறுத்தி, “என் கை சிறிய கையா? நடுங்குகிற கை” என்றார். ‘சிறிய’, ‘நடுங்கும்’ இரண்டுமே புளிமா. சொல்லை மாற்றினோம். ‘சிறிய’ தீபத்திற்குச் சென்றது. இரண்டு ஆண்டுகளாகத் தீக்குச்சி அவர் கையில் நிலைகொள்ளாததை அறிந்திருந்தும், அதைப் பாட்டுக்குள் கொண்டுவர எமக்குத் தோன்றவில்லை.

இப்போது நாள்தோறும் அதைப் பாடுகிறார். பேரன் அறையில் உறங்குவதால் குரல் அடுக்களையைத் தாண்டாது. சில நாள்களில் மூன்றாம் அடியை இருமுறை பாடுவார். முதற் குச்சி அணைந்துவிட்டது என்று யாம் அறிந்துகொள்வோம்.

ஆண்டிறுதி மழைக்காலத்தில் ஒருநாள் வைகறையில் குயில் கூவவில்லை. விடாத தூறல். உள்ளறையில் படுத்திருந்த எமக்கு முதலடி வேறாகக் கேட்டது:

இன்னமும் இருளே சூழ இளமழை எங்கும் தூவ

மோனை நின்றது, வாய்பாடும் சிதையவில்லை. எம் தாயார் யாப்பு பயின்றவர் அல்லர். பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவர். அம்மாற்றத்தை எவரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.