விடுபட்ட தெருவும் ஒரு நிலுவைதான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தூய்மைப் பணிக்குப் போன அனுபவத்தைச் சொல்லும்மா" என்று என்னைக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால் நான் வண்டி தள்ளினது கொஞ்ச காலம்தான். வார்டு மேற்பார்வைக்கு வந்து தினசரி அறிக்கை எழுதினதுதான் அதிகம். அதனால அந்த ஒரு தாளைப் பத்தி மட்டும் பேசுறேன். நம்ம பெண்கள் நிறைய பேர் இன்னைக்கு அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறோம்.

அந்தத் தாளில் முக்கியமா மூணு கட்டம். இன்றைக்கு எந்தெந்த நடை முடிந்தது என்பது முதல் கட்டம். எந்தத் தெரு விடுபட்டது என்பது இரண்டாவது. எத்தனை கிலோ குப்பை வந்தது என்பது மூன்றாவது. மேலே போகப் போக எல்லாரும் மூன்றாவது கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். "நேத்து எத்தனை டன்? இன்னைக்கு எத்தனை டன்?" அதோடு முடிந்துவிடும்.

நம்ம குழுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். இந்த வாரம் மொத்தம் 2,400 ரூபாய் வசூல் என்று மட்டும் எழுதி வைத்தால் யாராவது ஒத்துக்கொள்வோமா? யார் கட்டினாங்க, யார் கட்டலை, கட்டாதவங்களுக்கு எத்தனை வாரம் நிலுவை என்று பேர் பேராகக் கேட்போம். மொத்தத் தொகை நல்லா இருக்கும்போதே ஒரு வீடு மூணு மாசமா கட்டாமல் இருக்கலாம். நிலுவைப் பக்கம் இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு குழு நடத்த முடியாது. விடுபட்ட தெரு என்கிற கட்டம்தான் குப்பைக் கணக்கின் நிலுவைப் பக்கம்.

இப்போ எடைக்கு வருவோம். சிறு நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 300 கிராம் குப்பை என்று கணக்குப் போடுகிறார்கள். நடுவில் 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாமல்லபுரத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 15,172 பேர். அப்படியானால் ஊர்க்காரர்கள் குப்பை மட்டும் நாளைக்கு 3,800 கிலோவை ஒட்டி வரும். ஆனால் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் வருகிறவர்கள் போடுகிற குப்பை இந்தக் கணக்கில் இல்லை. சனி, ஞாயிறு ஒரு எடை, செவ்வாய்க்கிழமை ஒரு எடை. காணும் பொங்கலுக்கும் மாசி மகத்துக்கும் வேறு எடை. அதனால் வீட்டுக் குப்பையையும், லாட்ஜ், ஓட்டல், கடற்கரைக் குப்பையையும் ஒரே வரியில் எழுதினால் எதுவும் விளங்காது. இரண்டையும் தனித்தனி வரியில்தான் எழுத வேண்டும்.

கணக்குக்காக ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். 250 வீடு, 1,000 பேர், 12 தெரு, காலையில் இரண்டு நடை. வீட்டுக்கு ஒரு கிலோ, ஆக ஒரு நாளைக்கு 250 கிலோ வரணும்.

செவ்வாய்க்கிழமை ஒரு பேட்டரி வண்டி பாதியில் நின்றுவிட்டது. 60 வீடு இருக்கிற மூணு தெருவுக்குப் போக முடியவில்லை. அன்றைக்கு எடை 190 கிலோ. சரிதான், கணக்கு ஒத்துப்போகிறது. இப்போ புதன்கிழமை எவ்வளவு வரணும்? அன்றைய 250, அதோடு நேற்று நின்ற 60, மொத்தம் 310. சுமார் அந்த எடை வந்தால், விடுபட்டவங்க குப்பையை வீட்டிலேயே வைத்திருந்து மறுநாள் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நிலுவை தீர்ந்தது.

புதன்கிழமை எல்லாத் தெருவுக்கும் போயும் 250 கிலோதான் வந்தது என்றால்? அந்த 60 கிலோ காணாமல் போகவில்லை. தெருமுனையில் கிடக்கும், கால்வாயில் கிடக்கும், இல்லை யாராவது கொளுத்தியிருப்பார்கள். ஒரு நாளில் 20, 30 கிலோ கூடும் குறையும், அதை வைத்து யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் இவ்வளவு குறைந்தால், அடுத்த நாள் காலையில் அந்த மூணு தெருவின் முனையையும் கால்வாயையும் போய்ப் பார்க்க வேண்டும். எங்கே போய்ப் பார்க்கணும் என்று தாளே நமக்குக் காட்டிக் கொடுக்கிறது.

வியாழக்கிழமை மழை. இரண்டு தெருவில் முழங்கால் தண்ணீர், வண்டி போகவில்லை. ஆனால் எடை 300 கிலோ! எப்படி? நனைந்த குப்பை, தண்ணீரையும் சேர்த்துத்தான் எடை காட்டும். கடலோரத் தெருக்களைப் பெருக்கினால் மணலும் சேர்ந்து வரும். கால்வாயில் அள்ளின வண்டலை அதே வண்டியில் போட்டால் கேட்கவே வேண்டாம். மரம் விழுந்தால் கிளையும் தழையும் ஏறும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரை கடந்தது. அது மாதிரி ஒரு புயல் முடிந்த வாரத்தில் டன் கணக்கு ஏறியதைப் பார்த்துவிட்டு, வீட்டுக் குப்பை நல்லா எடுத்தாங்க என்று சொல்ல முடியுமா? எடை ஏறுவது ஒன்று, எல்லா வாசலுக்கும் போவது வேறொன்று.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு வாரம் முழுக்க 250, 250, 250 என்று ஒரே எண் இருந்தால் அது நிறுத்த எடை இல்லை. நடைக்கு இவ்வளவு என்று மனசில் வைத்து எழுதினது. எடைமேடையில் சுமையோடு ஒரு எடை, காலி வண்டிக்கு ஒரு எடை, இரண்டையும் கழித்து எழுதினால் 243, 268 என்று நாளுக்கு ஒரு மாதிரி வரும். அதேபோல ஒரு மாசம் முழுக்க விடுபட்ட தெரு "இல்லை" என்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஒரு மாசத்தில் ஒரு டயர்கூடப் பஞ்சர் ஆகாத வார்டு எங்கே இருக்கிறது?

இதை நான் யாரையோ குறை சொல்லுவதற்காகச் சொல்லவில்லை. நானே அப்படி "இல்லை" என்று எழுதினவள்தான். எந்த ஊர் என்று வேண்டாம். ஒரு கோடித் தெருவில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி நுழையாது. முனையில் நின்று விசில் அடிப்போம், முன்னாடி இருக்கிற நாலைந்து வீடு கொண்டுவந்து கொடுக்கும். நடை முடிந்தது என்று எழுதுவேன். முதல் நாள் "விடுபட்டது" என்றுதான் எழுதினேன். "ஏன் விட்டீங்க? சம்பளத்தில் பிடிக்கவா?" என்று கேட்டார்கள். அடுத்த நாளிலிருந்து "இல்லை" என்று எழுதிவிட்டேன். வேலை பார்க்கிற பெண்களுக்குக் கூலி குறையக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன்.

பதினொரு நாள் அப்படியே போனது. உள்ளே இருந்த வீடுகள் எல்லாம் அந்தப் பள்ளத்திலேயே கொட்டிவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. தண்ணீர் போக வழியில்லாமல், குப்பையோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. அதில் ஒரு வீடு நம்ம குழு அக்காவுடையது. அவங்க மனு கொடுத்தாங்க. அறிக்கையை எடுத்துப் பார்த்தார்கள். "உங்க தெருவுக்குத் தினமும் வண்டி வந்திருக்கேம்மா" என்று பதில் சொல்லிவிட்டார்கள்.

அந்த அக்கா என்னிடம் சண்டைக்கு வரவில்லை. "நீதானே கையெழுத்துப் போட்டிருக்கே?" என்று மட்டும் கேட்டாங்க. என் கையெழுத்து அவங்களைப் பொய் சொல்கிறவளாக ஆக்கிவிட்டது. வேலைப் பெண்களைக் காப்பாத்தினேனா என்றால் அதுவும் இல்லை. அந்தப் பள்ளத்தை மூடச் சொல்ல எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கட்டம்தான். அதை நானே அழித்துவிட்டேன்.

அதற்கப்புறம் எழுதும் முறையை மாற்றினேன். முதலில், நடையை மட்டும் எழுதாமல் தெருத் தெருவாக எழுத ஆரம்பித்தேன். வண்டி நுழையாத சந்துக்கும், குப்பத்து மணல் பாதைக்கும் தனி வரி. தெருமுனை வரை போனால் போனதாகக் கணக்கில்லை. கடைசி வீட்டு வாசலில் வாங்கினால்தான் அந்தத் தெரு முடிந்தது. பாதி வரை போயிருந்தால் "பாதி" என்றே எழுத வேண்டும்.

அடுத்தது காரணம். வண்டி பழுதா, ஆள் வரவில்லையா, பாதை மறிப்பா, தண்ணீரா? இதை ஒரு வார்த்தையில் எழுதினால் போதும். வண்டி பழுது என்றால் பட்டறை பதில் சொல்லணும். பள்ளம் என்றால் பொறியியல் பிரிவு. ஆள் இல்லை என்றால் மாற்று ஆள் கொடுக்கிறவர். காரணம் எழுதாத விடுபட்ட தெரு எல்லாம் கடைசியில் வண்டி தள்ளுகிற பெண் தலையில்தான் வந்து விழும். வீடு பூட்டியிருந்தால் அது விடுபட்டது இல்லை, அதைக் கலக்காதீர்கள்.

கடைசியாக, நிலுவையைத் தொடர்ந்து எழுத வேண்டும். செவ்வாய் விடுபட்ட தெருவுக்குப் புதன்கிழமை போனோமா என்று மறுநாள் தாளில் பதில் இருக்கணும். ஒரே தெரு ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்தால் அது தற்செயல் இல்லை. அந்த நடையின் கடைசியில் இருப்பதால் நேரம் போதவில்லையா, வண்டியில் இடம் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒரு தெரு அப்படி வந்துகொண்டே இருந்தது. நடையைத் தலைகீழாக மாற்றி, அந்தத் தெருவிலிருந்து ஆரம்பித்தோம். அப்போ வேறு தெரு விடுபட ஆரம்பித்தது! அதாவது குறை தெருவில் இல்லை, அந்த நடைக்கே வீடு அதிகம். முப்பது வீட்டை அடுத்த நடைக்கு மாற்றினதும் சரியானது. வெறும் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது என்றைக்கும் தெரிந்திருக்காது.

நகர்ப்புறங்களில் இப்போ பகுதி சபை நடக்கிறது. 2022 நவம்பர் 1ஆம் தேதி நம்ம மாவட்டத்துப் பம்மலில் முதலமைச்சரே உட்கார்ந்து மக்கள் சொன்னதைக் கேட்டார். அந்தச் சபைக்கு நாமும் போகிறோம், தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று கேட்கிறோம். அடுத்த முறை போகும்போது, "போன மாசம் விடுபட்ட தெருக்களின் பட்டியலை வாசியுங்கள்" என்று ஒருத்தர் கேளுங்கள். வாசிக்கும்போது அந்தந்தத் தெருக்காரர்கள் அங்கேயே இருப்பார்கள். ஆமாம், இல்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தாளில் எழுதுகிற இடத்தில் இருக்கிற தங்கைகளுக்கு ஒன்று. விடுபட்டதை எழுதினால் திட்டு விழும், எனக்கும் விழுந்திருக்கு. அப்போ தனியாக நிற்காதீர்கள், காரணத்தோடு எழுதி, அந்த மாசக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். அதற்கப்புறம் அது உங்கள் ஒருத்தி கையெழுத்து இல்லை, நம்ம எல்லாருடைய கையெழுத்து.