நிலத்துக்கு வந்த இழப்பீடும் வரி நோட்டீஸும்
(மாட்டுங்காவில் நம் அங்கத்தினர்கள் முன் ஆற்றிய உரை)



ஆடிட்டராக இருந்தவன் என்பதால், செம்பூர் அன்பர் ஒருவர் சென்ற வருஷம் ஒரு நோட்டீஸோடு என்னிடம் வந்தார். ஊரில் டவுனுக்குள் இருந்த அவருடைய பூர்வீக மனையை அரசு கையகப்படுத்தி, ரூ.47,96,000 கொடுத்திருந்தது. அதில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள். "இதற்கு வரி கிடையாது" என்று யாரோ சொல்ல, அவர் தொகையை ரிட்டர்னில் காட்டாமலேயே, பிடித்த பணத்தை மட்டும் திருப்பிக் கேட்டிருந்தார். ரூ.48 லட்சத்தை ஏன் மறைத்தீர்கள் என்று கேள்வி வந்துவிட்டது!

"விவசாய நிலம், 10(37) என்று எழுதிவிடட்டுமா?" என்றார். கூடாது என்றேன். அந்தப் பிரிவு, முந்தைய இரண்டு வருஷம் பயிர் செய்த விவசாய நிலத்துக்குத்தான். இவருடையது வீட்டு மனை.

அவருக்குக் கைகொடுத்தது வேறு சட்டம். 2013-ம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 96-வது பிரிவு, அச்சட்டப்படி வழங்கிய அவார்டுக்கு வருமான வரி இல்லை என்கிறது. தனியார் வாங்கும் நிலம் பற்றிய 46-வது பிரிவு மட்டும் விலக்கு. வருமான வரிச் சட்டத்தில் தனியாகச் சொல்லாவிட்டாலும் இந்தச் சலுகை உண்டு என்று நேரடி வரிகள் வாரியம் 25-10-2016 தேதியிட்ட 36/2016 சுற்றறிக்கையில் தெளிவாக்கியது. மனை, வயல் என்ற பேதம் இதில் இல்லை.

ஆகவே முதலில் அவார்டு நகலை வரவழைத்தோம். எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். நெடுஞ்சாலைச் சட்டம் போன்ற வேறு சட்டம் என்றால் தனியாக வாதாட வேண்டிவரும். இவருடையது 2013 சட்டம்தான். சந்தை மதிப்பு 20 லட்சம், ஆறுதல் தொகை 20 லட்சம், 12 சதவீதக் கூடுதல் தொகை 20 மாதத்துக்கு 4 லட்சம். இந்தப் 12 சதவீதத்தைப் பலர் வட்டி என்று நினைக்கிறார்கள். அது வட்டியல்ல, இழப்பீட்டின் ஒரு பகுதி. ஆக, 44 லட்சத்துக்கு விலக்கு கேட்டோம்.

மீதி ரூ.3,96,000, நிலத்தை எடுத்த பிறகு ஒரு வருஷம் பணம் தாமதமானதற்கு 9 சதவீத வட்டி. 1961 சட்டப்படி வட்டி, வந்த வருஷத்திலேயே வருமானம். அதில் பாதி கழிவு போக, ரூ.1,98,000-க்கு வரி உண்டு. வட்டிக்கும் விலக்கு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். நாங்கள் வம்பு வேண்டாமென்று, ரிட்டர்னைத் திருத்தும் கெடு தாண்டிவிட்டதால், பதிலிலேயே அதை ஒப்புக்கொண்டோம். அவார்டு, கணக்கு, சுற்றறிக்கை, பாங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் இணைத்து, நோட்டீஸில் குறித்த தேதிக்குள் அனுப்பினோம். அதிகாரி ஏற்றுக்கொண்டார். வட்டிக்கான வரி போக மீதி திரும்பி வந்தது.

தவறு எங்கே? வரி இல்லாத தொகையானாலும், ரிட்டர்னில் விலக்கு பெற்ற வருமானம் என்ற அட்டவணையில் எழுதியிருக்க வேண்டும். டி.டி.எஸ். பிடித்தாலே அந்தத் தொகை இலாகாவின் கணக்கில் தெரிந்துவிடும். இன்னொன்று: பணம் வாங்குமுன்பே 96-வது பிரிவைக் காட்டி எழுதிக் கொடுத்திருந்தால், இழப்பீட்டில் டி.டி.எஸ். பிடிக்கவே வேண்டியதில்லை.

1-4-2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய வருஷத்து நோட்டீஸுக்குப் பழைய எண்களையே எழுதுங்கள்.